டூப் பக்கவாட்டில் திரும்பினால் முகம் கழன்று போகிறது: ஸ்ப்ளாட் வைத்துத் தலையை மாற்றியவர்கள் உண்டா?

கத்தரிக்கோல்
வணக்கம். நாலு பேர் இருக்கும் சின்ன விஎஃப்எக்ஸ் கடை எங்களுடையது. 140 ஃபிரேம் ஷாட் ஒன்று கையில் இருக்கிறது. பைக்கில் வரும் டூப் முதலில் கேமராவுக்கு நேராக வருகிறார், கடைசி ஒரு நொடியில் வலது பக்கம் ஏறக்குறைய 70 டிகிரி திரும்புகிறார். அவர் தலை இருக்கும் இடத்தில் நடிகரின் தலை வர வேண்டும். நடிகர் இதற்கென்றே சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்தார்.

முதலில் வழக்கமான இரு பரிமாண முக மாற்றத்தைப் போட்டுப் பார்த்தோம். நேராக இருக்கும் வரை பிரமாதம். 50 டிகிரி தாண்டியதும் மூக்கு நுனி துடிக்கிறது, தாடை ஃபிரேமுக்கு ஃபிரேம் நீள்கிறது. காது டூப்பின் காதுதான், அதை இந்த முறை தொடுவதே இல்லை.

சரி, தலையை முழுதாகவே கட்டிவிடலாம் என்று நடிகரைச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்து, முக்காலியில் நின்ற கேமராவால் 120 படம் எடுத்தேன். படங்களைப் பொருத்திப் பார்த்துக் கேமரா நின்ற இடங்களைக் கணக்கிடும் கோல்மேப் 112 படங்களைச் சேர்த்துக்கொண்டது, சராசரிப் பிழை 0.6 பிக்சல். அதைக் காஸியன் ஸ்ப்ளாட்டுக்குக் கொடுத்தால் வந்தது பஞ்சு மிட்டாய். கண் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்புப் புகை. எங்கே தப்பு?

வெண்கலப்பானை
0.6 பிக்சல் என்றால் கேமரா நிலைகள் கச்சிதம், அங்கே தப்பு இருக்க முடியாது. 30,000 சுற்றில் நிறுத்தியிருப்பீர்கள், 60,000 ஓட்டிப் பாருங்கள். நெர்ஃப் பக்கம் மட்டும் போகாதீர்கள், அது செத்து இரண்டு வருஷம் ஆகிறது.

நிழலாட்டம்
ஓட்டுவதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள். கோல்மேப்பில் அந்த 112 கேமராக்களும் எப்படித் தெரிகின்றன? தலையைச் சுற்றி வளையமாக நிற்கின்றனவா?

கத்தரிக்கோல்
இல்லை அண்ணா. எல்லாம் ஒரே இடத்தில், ஒரு சீப்பு வாழைப்பழம் மாதிரி. கேமரா நிஜமாகவே ஒரே இடத்தில்தானே நின்றது, அதனால் சரி என்று விட்டுவிட்டேன்.

நிழலாட்டம்
அதுதான் வியாதி. படத்தில் தலையைவிடப் பின்சுவர் அதிக இடம் பிடிக்கிறது. செங்கல், சுவிட்ச் போர்டு, போஸ்டர் என்று பொருத்திப் பார்க்க நல்ல புள்ளிகள் எல்லாம் அங்கேதான். சுவர் நகரவில்லை, ஆகவே கேமராவும் நகரவில்லை என்று கோல்மேப் சரியாகவே கணக்குப் போட்டிருக்கிறது. உங்கள் 0.6 பிக்சல் சுவருக்குக் கிடைத்த மதிப்பெண். தலை அதில் இல்லை.

நெர்ஃப், ஸ்ப்ளாட் எதுவானாலும் கேமரா எங்கே நின்றது என்பது தெரிந்த பிறகுதான் வேலையைத் தொடங்கும். 2020-இல் வந்த நெர்ஃபில் ஒரு சின்ன நியூரல் நெட்வொர்க் இருக்கும். முப்பரிமாண வெளியில் ஒரு புள்ளியைச் சொல்லி, ‘இங்கே எவ்வளவு அடர்த்தி, இந்தத் திசையிலிருந்து பார்த்தால் என்ன நிறம்’ என்று கேட்டால் பதில் தரும். கேமராவிலிருந்து போகும் ஒவ்வொரு கதிரிலும் இப்படிப் பல இடங்களில் கேட்டுச் சேர்த்தால் ஒரு பிக்சல் கிடைக்கும். 2023-இல் வந்த ஸ்ப்ளாட்டில் அந்த நெட்வொர்க் கிடையாது. லட்சக்கணக்கில் மென்மையான நீள்வட்ட உருண்டைகளை வெளியில் தூவி, தூரப்படி அடுக்கி, ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசும். இரண்டுமே, பூசிக் கிடைத்ததை எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசம் குறையும் திசையில் தங்களைத் திருத்திக்கொண்டே போகும். ‘எல்லாப் படமும் ஒரே இடத்திலிருந்து எடுத்தவை’ என்று நீங்கள் சொல்லிவிட்டால், ஒரே இடத்தில் நேர் முகமும் பக்கவாட்டு முகமும் பிடரியும் இருந்தாக வேண்டும். அந்தச் சண்டையின் சராசரிதான் உங்கள் பஞ்சு மிட்டாய். அதை 60,000 சுற்று ஓட்டினால் இன்னும் நேர்த்தியான பஞ்சு மிட்டாய் வரும்.

இரு பரிமாண மாற்றம் துடிப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. அது ஒவ்வொரு ஃபிரேமிலும் கண், மூக்கு, வாய்ப் புள்ளிகளைத் தேடி, முகத்தை வெட்டி நேராக்கி, புதிதாக ஒரு முகம் வரைகிறது. பக்கவாட்டில் பாதிப் புள்ளிகள் மறைந்துவிடும், மறைந்தவற்றை ஃபிரேமுக்கு ஃபிரேம் ஊகிக்கும். ஊகம் இரண்டு பிக்சல் ஆடினால் மூக்கு துடிக்கும். முப்பரிமாணத் தலையில் மூக்கு ஒரே ஒரு தடவைதான் கட்டப்படுகிறது. 140 ஃபிரேமும் அதே மூக்கைத்தான் வேறு வேறு கோணத்தில் பார்க்கின்றன, துடிக்க அதற்கு வழியே இல்லை.

வெண்கலப்பானை
ஒப்புக்கொள்கிறேன், வளையத்தை நான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் நாற்காலியில் தப்பில்லை. பூமி சுற்றினால் என்ன, சூரியன் சுற்றினால் என்ன? சுவரை மாஸ்க் போட்டு மறைத்துவிட்டால் கோல்மேப்புக்குத் தலை மட்டும்தான் தெரியும். வளையம் தானே வந்துவிடும்.

கத்தரிக்கோல்
செய்து பார்த்தேன். வளையம் வந்துவிட்டது! முதல் தடவை மாஸ்க் எதுவுமே வேலை செய்யவில்லை. பார்த்தால், `IMG_0001.jpg` படத்துக்கு மாஸ்க்கின் பெயர் `IMG_0001.jpg.png` என்று இருக்க வேண்டுமாம். நான் `IMG_0001.png` என்று வைத்திருந்தேன், ஒரு ராத்திரி போயிற்று.

```
colmap feature_extractor --database_path db.db \
  --image_path images --ImageReader.mask_path masks
```

இப்போது தலை தலையாகத் தெரிகிறது. எடுத்த படங்களின் கோணத்தில் பார்த்தால் அசல். ஆனால் இரண்டு படங்களுக்கு நடுவில் கேமராவைக் கொண்டுபோனால் கன்னத்தில் நிழல் ஊர்கிறது, தோலுக்கு முன்னால் தூசி மாதிரி ஏதோ மிதக்கிறது.

நிழலாட்டம்
பானை சொன்னது வடிவத்துக்குச் சரி, வெளிச்சத்துக்குச் சரியில்லை. விளக்கு இடது பக்கம் நிலையாக நின்றது, தலை சுற்றியது. தலையிலிருந்து பார்த்தால் விளக்குதான் தலையைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. மூக்கு நிழல் ஒரு படத்தில் வலது கன்னத்தில், இன்னொன்றில் உதட்டின் மேல். ஒரே கன்னம் ஒரு படத்தில் வெளிச்சம், அடுத்ததில் இருட்டு.

ஸ்ப்ளாட் இதை எப்படிச் சமாளிக்கிறது என்றால், ஒவ்வொரு உருண்டைக்கும் திசைக்கு ஏற்ப நிறம் மாறும் வசதி இருக்கிறது. ஒரு உருண்டைக்கு மொத்தம் 59 எண்கள், அதில் 48 நிறத்துக்கு மட்டுமே. தோல் பளபளப்புக்காக வைத்த வசதி அது. உங்கள் படங்களில் அது நிழலை மனப்பாடம் செய்துகொண்டது, ‘இந்தத் திசையிலிருந்து பார்த்தால் நான் கறுப்பு’ என்று. மனப்பாடத்துக்கு அடங்காத மிச்சத்தைச் சமாளிக்கத் தோலுக்கு முன்னால் புதிய உருண்டைகளை மிதக்கவிட்டது. அந்தத் தூசி அதுதான்.

இதைக் கண்ணால் தேடாதீர்கள். `train.py`-ஐ `--eval` போட்டு ஓட்டினால் எட்டுக்கு ஒரு படத்தை அது பயிற்சிக்குக் கொடுக்காமல் ஒளித்து வைக்கும். ரெண்டர் அசல் படத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கான மதிப்பெண்தான் பிஎஸ்என்ஆர், கூடினால் நல்லது. பயிற்சிப் படங்களில் அது எவ்வளவு, ஒளித்த படங்களில் எவ்வளவு என்று போடுங்கள்.

கத்தரிக்கோல்
பயிற்சியில் 34, ஒளித்ததில் 23.

நிழலாட்டம்
11 டெசிபெல் பள்ளம் என்றால் சுத்த மனப்பாடம். நடிகரை இன்னொரு தடவை கூப்பிட முடியுமா? அவர் அசையாமல் உட்காரட்டும், கேமரா சுற்றி வரட்டும். நாற்காலியே கதி என்றால், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விழும் மேகமூட்ட வெளிச்சம் வேண்டும்.

மாடிவீட்டுக்காரன்
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் அப்பா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அவருடைய படம் 14 இருக்கிறது. 1978 கல்யாணப் படத்திலிருந்து கடைசி வருஷ ஆதார் படம் வரை. இதை வைத்து அப்பாவின் தலையை இதே மாதிரி கட்டி, தம்பியின் கல்யாண வீடியோவில் கொண்டுவர முடியுமா? படங்கள் ஸ்கேன் செய்து தயாராக இருக்கின்றன.

நிழலாட்டம்
இந்த முறையில் முடியாது அண்ணா. 14 என்பது குறைவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. இது ஒரே தலை, ஒரே கணம், பல கோணம் என்ற கணக்கு. உங்களிடம் இருப்பவை 14 வெவ்வேறு தலைகள்: 25 வயசு, 50 வயசு, மீசையோடு, மீசை இல்லாமல். கோல்மேப் அவற்றில் இரண்டைக்கூட ஒன்றோடு ஒன்று பொருத்தாது. ஆயிரக்கணக்கான முகங்களில் பழகிய மாதிரிகள் ஒரே படத்திலிருந்துகூடத் தலை செய்து கொடுக்கும். ஆனால் படத்தில் தெரியாத காது, பிடரி எல்லாம் அவை கற்பனையில் போடுபவை. அந்தக் காது உங்கள் அப்பாவுடையதாக இருக்காது. வீட்டில் மற்றவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாடிவீட்டுக்காரன்
அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்கிறேன். நன்றி.

பனித்துளி
மறுபடி எடுப்பதற்கு முன் என் பங்குக்கு ஒன்று. 120 படத்தை ஒருவர் சுற்றி நடந்து எடுக்க ஐந்து நிமிடம் ஆகும். மனிதன் ஐந்து நிமிடம் அசையாமல் இருக்க மாட்டான். தலை உயரம் சுமார் 25 செ.மீ., அது படத்தில் 3000 பிக்சல் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 12 பிக்சல். மூச்சு விடும்போது 3 மி.மீ. ஆடினாலே 36 பிக்சல். ஒரு பிக்சல் பிழைக்குள் வேலை செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்! ஆராய்ச்சிக் கூடங்களில் பல கேமராக்களை ஒரே நொடியில் தட்டுவது இதனால்தான். நெர்செம்பிள் என்ற தலைத் தொகுப்பை 16 கேமரா வைத்து எடுத்தார்கள். ஒற்றைக் கேமராதான் என்றால் நான் வீடியோ எடுப்பேன். 40 நொடியில் ஒரு சுற்று, அதிலிருந்து கூர்மையான 150 ஃபிரேம்.

நிழலாட்டம்
கணக்கு சரி. ஆனால் அந்த 36 பிக்சலில் பெரும்பகுதி தலை மொத்தமாக ஆடுவது. சுவரையும் தோளையும் மறைத்து, தலையை மட்டும் வைத்துக் கேமரா நிலையைக் கண்டுபிடித்தால் அந்த ஆட்டம் கேமரா நிலைக்குள் போய்விடும். தலை 3 மி.மீ. இடது பக்கம் போனதும், கேமரா 3 மி.மீ. வலது பக்கம் போனதும் கணக்குக்கு ஒன்றுதான். பானையின் பூமி, சூரியன் இங்கே செல்லும். மிஞ்சுவது இமை, உதடு, தொண்டை இவற்றின் சொந்த அசைவு. அதற்கு மருந்து கிடையாது, சீக்கிரம் எடுப்பதுதான். நெர்ஃபீஸ் என்று 2021-இல் வந்த முறை ஒவ்வொரு படத்துக்கும் தனி வளைவைக் கற்றுக்கொண்டு ஃபோன் வீடியோவிலிருந்தே தலை கட்டியது. ஆனால் அந்த வளைவை, எல்லாவற்றையும் ஒரே ஃபிரேமில் இணைக்கும் காம்ப் வரைக்கும் கொண்டுவருவது எனக்குத் தலைவலியாகவே முடிந்திருக்கிறது.

வீடியோவில் எனக்குப் பயம், நடையில் வரும் மங்கல். தலையை மட்டும் நம்பும்போது தோலின் துவாரங்கள்தான் பொருத்தும் புள்ளிகள், மங்கினால் அவை முதலில் போகும். எக்ஸ்போஷர், வெள்ளைச் சமநிலை இரண்டையும் பூட்டுங்கள். டியூப் லைட் இருந்தால் ஷட்டர் 1/100, நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்.

பனித்துளி
நன்றாக விளக்குப் போட்டால் 1/200-இல் வீடியோ மங்காது. இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை. :)

கத்தரிக்கோல் (நான்கு நாள் கழித்து)
நடிகர் பெருந்தன்மையாக வந்தார். படமாகவே எடுத்தேன், மூன்று உயரத்தில் மூன்று வளையம், 118 படம், நாலரை நிமிடம். 117 சேர்ந்தது. பயிற்சியில் 33, ஒளித்ததில் 30. தலைமுடி ஓரம் இழை இழையாக வந்திருக்கிறது, பார்க்கவே சந்தோஷம். கண் மட்டும் மங்கல், கருவிழி இரண்டு மூன்றாகத் தெரிகிறது. முகத்தில் வேறு எங்கேயும் குறை இல்லை.

நிழலாட்டம்
நடிகர் எங்கே பார்த்தார்?

கத்தரிக்கோல்
கேமராவை. நடிகர் ஆயிற்றே, லென்ஸ் எங்கே போனாலும் அவர் கண் கூடவே வந்தது.

நிழலாட்டம்
தலை நின்றது, கருவிழி உங்களோடு நடந்தது. சுவரில் ஒரு டேப் ஒட்டி, அதையே பார்க்கச் சொல்ல வேண்டும். இன்னொரு தடவை கூப்பிட வேண்டாம். நேர் முகம் சுற்றிய 20 டிகிரிக்கு வெளியே இருக்கும் படங்களில் கண்ணை மட்டும் மாஸ்க் போட்டு மறைத்துப் பயிற்சி கொடுங்கள். மீதிப் படங்களில் கண் ஏறக்குறைய ஒரே திசையில்தான் இருக்கும், ஒரே கருவிழி தெளிவாகும். பக்கவாட்டில் கண் கொஞ்சம் தட்டையாகத் தெரியும், பைக் ஷாட்டில் யாரும் பார்க்க மாட்டார்கள்.

கத்தரிக்கோல்
கண் சரியானது. அடுத்த கூத்து: கோல்மேப்பின் அளவுக்கும், ஷாட்டின் கேமரா அசைவைக் கண்டுபிடித்த எங்கள் மேட்ச்மூவ் அளவுக்கும் சம்பந்தமில்லை. அதனால் கோப்பில் இருந்த எல்லா x, y, z-ஐயும் 0.08-ஆல் பெருக்கினேன். தலை ஒரு கம்பளி உருண்டை ஆகிவிட்டது.

பனித்துளி
நானும் விழுந்த குழி இது. உருண்டைகளின் இடத்தைச் சுருக்கினீர்கள், உருண்டைகளைச் சுருக்கவில்லை. `.ply` கோப்பில் உருண்டையின் அளவு மடக்கையாக இருக்கும், பெருக்கக் கூடாது, மூன்று எண்ணிலும் log(0.08)-ஐக் கூட்ட வேண்டும்.

நிழலாட்டம்
அதோடு நிற்காது. டூப்பின் தலை திரும்பும்போது உருண்டைகளையும் திருப்புவீர்கள். இடம், சாய்வு இரண்டும் திரும்பும். ஆனால் நான் சொன்ன 48 நிற எண்கள் பழைய உலகத் திசையைத்தான் நினைவில் வைத்திருக்கும். அவற்றையும் அதே கோணத்துக்குச் சுழற்ற வேண்டும், பல பிளகின்கள் அதைச் செய்வதில்லை. திரும்பும்போது நெற்றிப் பளபளப்பு அர்த்தமில்லாமல் நகர்ந்தால் காரணம் இது.

நான் தலையைத் தொடவே மாட்டேன். டூப் தலையின் டிராக்கை எடுத்து, தலையிலிருந்து பார்த்தால் கேமரா எங்கே என்று கணக்கிடுவேன்:

```
cam_in_head = np.linalg.inv(head_to_world) @ cam_to_world
```

தலை தன் இடத்திலேயே நிற்கும், 140 ஃபிரேமுக்கு 140 கேமரா. அளவைக் கேமராவின் இடத்தில் வைத்துவிட்டால் உருண்டைகளைச் சுருக்கும் வேலையும் இல்லை.

வெண்கலப்பானை
அப்படியானால் வெளிச்சமும் தலையோடு ஒட்டிக்கொண்டு திரும்புமே? சூரியன் இடது பக்கம் என்றால், 70 டிகிரி திரும்பியதும் வெளிச்சம் விழும் கன்னம் மாற வேண்டும். நிற எண்களைச் சுழற்றினாலும் இது தீராது என்று நினைக்கிறேன்.

நிழலாட்டம்
இந்த முறை முழுச் சரி. நெர்ஃபும் ஸ்ப்ளாட்டும் வெளிச்சத்தைத் தோலின் நிறத்தோடு கலந்து உறைய வைத்துவிடுகின்றன. பிரித்துக் கொடுக்கும் முறைகள் உண்டு. ஆனால் அவற்றில் நல்லவற்றுக்கு, விளக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுக்கும் கூண்டு தேவை. நாலு பேர் கடையில் அது இருக்காது. தட்டையான வெளிச்சத்தில் எடுத்த தலையை மேகமூட்ட ஷாட்டில் வைத்தால் பிழைக்கலாம்.

பனித்துளி
நான் செய்வது: அதே வடிவத்தில் சாம்பல் நிறத் தலை ஒன்று, ஸ்டூடியோ வெளிச்சத்தில் ஒரு ரெண்டர், ஷாட் வெளிச்சத்தில் ஒரு ரெண்டர். இரண்டாவதை முதலாவதால் வகுத்து, அந்த விகிதத்தை ஸ்ப்ளாட் ரெண்டரின் மேல் பெருக்குவேன். இரண்டு ஷாட்டில் தப்பித்திருக்கிறேன்.

நிழலாட்டம்
மங்கலான நிழலுக்குச் சரி. பளபளப்பு வகுத்தாலும் போகாது, நிழல் ஓரத்தில் விகிதம் தாறுமாறாகும். எனக்கு அது காம்பில் எப்போதும் மெழுகுப் பொம்மை மாதிரித்தான் வந்தது.

பனித்துளி
உங்கள் சாம்பல் தலையின் வடிவம் துல்லியமாக இருந்திருக்காது.

நிழலாட்டம்
இருக்கலாம்.

கத்தரிக்கோல்
எங்கள் ஷாட் சாயங்காலம், சூரியன் இறங்கிய பிறகு எடுத்தது, அதனால் வெளிச்சத்தில் தப்பித்தோம். ஒரு கேள்வி: டைரக்டர் இப்போது ‘திரும்பும்போது லேசாகச் சிரிக்கட்டும்’ என்கிறார்.

நிழலாட்டம்
இந்தத் தலை சிரிக்காது. நீங்கள் கட்டியது ஒரே ஒரு கணம். சிரிக்க வேண்டுமானால் உருண்டைகளை அசையும் முக வலையோடு கட்ட வேண்டும். 2024-இல் வந்த காஸியன் அவதார்ஸ் அப்படித்தான் செய்கிறது. ஃப்ளேம் என்ற 5023 புள்ளி முக வலையை எடுத்து, ஒவ்வொரு உருண்டையையும் ஒரு முக்கோணத்தோடு ஒட்டிவிடும். முக்கோணம் நகர்ந்தால் உருண்டை கூடவே நகரும், திரும்பும், பெரிதாகும். ஆனால் அதற்கு நடிகர் பலவிதமாகப் பேசி, சிரித்து, பல கேமராவில் எடுத்த வீடியோ வேண்டும். சிரிப்பைப் பார்க்காத தலைக்குக் கன்னக் குழி எங்கே விழும் என்று தெரியாது. பல் இன்னும் மோசம், வாய் மூடி எடுத்த 118 படத்தில் ஒரு பல்கூட இல்லை.

வெண்கலப்பானை
2010-இல் ‘தி சோஷியல் நெட்வொர்க்’ படத்தில் இரட்டையர் ஒருவருக்கு ஜாஷ் பென்ஸின் உடம்பில் ஆர்மி ஹாமரின் முகத்தை வைத்தார்கள். அப்போது இதெல்லாம் ஏது! ஹாமரே நடித்த முகத்தைத்தான் வைத்தார்கள். டைரக்டரிடம் சொல்லுங்கள், சிரிப்பு வேண்டுமானால் நடிகர் சிரிக்க வேண்டும்.

கத்தரிக்கோல் (ஆறு நாள் கழித்து)
சிரிப்பு இல்லாமலேயே ஒப்புதல் வந்துவிட்டது. 70 டிகிரியில் காது நடிகரின் காது, மூக்கு நிற்கிறது. ஒரே தொல்லை, 118-ஆம் ஃபிரேமிலிருந்து கழுத்தில் காலர் தொடும் இடத்தில் மெல்லிய கறுப்பு ஓரம். ஃபெதரை எவ்வளவு ஏற்றினாலும் போகவில்லை.

பனித்துளி
பின்னணியைக் கறுப்பாக்கிப் பயிற்சி கொடுத்தீர்களா? ஓரத்தில் இருக்கும் உருண்டைகள் கறுப்பைத் தலையின் பகுதியாகவே கற்றுக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் பின்னணிக்கு வேறு வேறு நிறம் மாற்றி மாற்றிக் கொடுத்தால் அவை ஒளிபுகும்படி ஆகிவிடும். மறுபடி ஓட்ட நேரம் இல்லையென்றால், ரெண்டரில் ஆல்ஃபாவால் ஏற்கெனவே பெருக்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காம்ப் மென்பொருளான நூக்கில் இரண்டாவது தடவை பெருக்கினாலும் இதே கறுப்புதான் வரும்.

கத்தரிக்கோல்
இரண்டு தடவை பெருக்கியிருந்தேன். முக்கால்வாசி போய்விட்டது. மீதி கால்வாசிக்கு ராத்திரி மறுபடி ஓட்டுகிறேன்.